இறுதியாட்டத்தில் அரசனின் இயக்கம்

இறுதியாட்டத்தில் அரசனின் இயக்கம் என்பது சதுரங்கத்தில் பெரும்பாலான காய்கள், குறிப்பாக இரு அரசிகளும், பலகையை விட்டு நீங்கிய பின்னர், அதுவரை மூலையில் ஒளிந்திருந்த அரசனைப் போரிடும் காயாகப் பயன்படுத்துவதைக் குறிக்கும். தொடக்க நூல்கள் இதனை "இறுதியாட்டத்தில் அரசனை மையத்திற்குக் கொண்டு வருக" என ஒரே வரியில் கூறிவிடுகின்றன. அவ்வரி தவறானதன்று, ஆயினும் எப்போது புறப்படுவது, எவ்வழியே செல்வது, அப்பயணத்திற்கு எத்தனை காலாட்களை விலையாகக் கொடுக்கலாம் என்னும் மூன்று வினாக்களுக்கும் அது விடையளிப்பதில்லை. இக்கட்டுரை அவ்வினாக்களை 2013 ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற உலக சதுரங்க வாகையாளர் போட்டியின் ஆறாவது ஆட்டத்தைக் கொண்டு விளக்குகிறது.

இக்கட்டுரையில் நகர்வுகள் பன்னாட்டுக் குறிமுறையில் தரப்பட்டுள்ளன. K அரசனையும், R கோட்டையையும், Q அரசியையும் குறிக்கும். எழுத்து ஏதுமின்றிக் கட்டத்தின் பெயர் மட்டும் இருப்பின் அது காலாளின் நகர்வு. x வெட்டுதலையும், + முற்றுகையையும் குறிக்கும். எண்ணுக்குப் பின் மூன்று புள்ளிகள் இருந்தால் அது கறுப்பின் நகர்வு.

அரசனின் மதிப்பு ஏன் மாறுகிறது

அரசன் ஒரு நகர்வில் ஒரு கட்டம் மட்டுமே செல்ல வல்லது. மூலையில் நிற்கும் அரசனால் 3 கட்டங்களையே காக்கவோ தாக்கவோ இயலும். ஓரத்தில் நின்றால் 5. ஓரத்தை விட்டு உள்ளே வந்துவிட்டால் 8. அரசனின் வலிமை நகராமலேயே இவ்வாறு இரண்டரை மடங்கிற்கு மேல் மாறுபடுகிறது. விளையாட்டின் பரிசாகிய அரசனுக்கு விலை மதிப்பு கூற முடியாது எனினும், இறுதியாட்டத்தில் அதன் போரிடும் ஆற்றல் ஏறத்தாழ 4 காலாட்களுக்கு, அதாவது ஒரு குதிரையை விடச் சற்றே கூடுதலாக, மதிப்பிடப்படுவது வழக்கம். எதிராளி தன் அரசனை மையத்தில் நிறுத்தியிருக்க நாம் நமது அரசனை g1 கட்டத்திலேயே விட்டுவைத்தால், ஒரு காய் குறைவாக ஆடுவதற்கு ஒப்பான நிலை ஏற்படும்.

மெதுவாக நகரும் காய் என்பதே இங்கு முதன்மையான செய்தி. g1 கட்டத்திலிருந்து d4 அல்லது e4 கட்டத்தை அடைய 3 நகர்வுகள் வேண்டும். கோட்டை ஒரே நகர்வில் பலகையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் சென்றுவிடும். அரசனுக்கு அது 7 நகர்வுகள். ஆகவே அரசன் தேவைப்படும் வேளையில் புறப்படுவது பெரும்பாலும் காலந்தாழ்ந்ததாகவே முடியும். தேவைப்படும் இடத்தை முன்கூட்டியே கணித்துப் புறப்பட வேண்டும்.

புறப்படும் நேரம்

அரசிகள் பலகையில் இருக்கும் வரை அரசன் வெளியே வருவது அரிது. அரசி மூலைவிட்டமாகவும் நேராகவும் தொலைவிலிருந்தே முற்றுகையிட வல்லது. முற்றுகையிட்டுக்கொண்டே வேறொரு காயைத் தாக்கவும் வல்லது. அரசிகள் மாற்றப்பட்டுவிட்டால் இவ்வாபத்தின் பெரும்பகுதி மறைகிறது. ஆயினும் இரு தரப்பிலும் இரண்டு கோட்டைகளும் குதிரைகளும் எஞ்சியிருந்தால் அதனை இறுதியாட்டம் எனக் கொள்வதை விட அரசிகள் இல்லாத நடுவாட்டம் எனக் கொள்வதே பொருத்தம்.

புறப்படும் முன் ஆட்டக்காரர் உண்மையில் பார்க்க வேண்டியது எதிராளியின் கோட்டையையே. கோட்டையின் முற்றுகை அரசனுக்குத் தொல்லை தருமா என்பது, அரசன் ஒதுங்குவதற்கு ஒரு நிழல் கிடைக்குமா என்பதைப் பொறுத்தது. காலாள் ஒன்றின் முன்னோ பக்கத்திலோ நிற்கும் அரசனைச் சில திசைகளிலிருந்து முற்றுகையிட முடியாது. அக்காலாள் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. எதிரியின் காலாளும் குடையாகப் பயன்படும். நிழலற்ற வெளியில் மையத்தில் நிற்கும் அரசன் அழகாகத் தோன்றும், ஆனால் முற்றுகைகளுக்கு விடை சொல்வதிலேயே அதன் நகர்வுகள் கழிந்துவிடும்.

அடுத்தது, அரசன் போகும் இடத்தில் அதற்கு என்ன வேலை என்பது. மையம் என்பது ஒரு சந்திப்பு நிலையம் போன்றது. அங்கிருந்து எப்பக்கமும் செல்லலாம் என்பதே அதன் பயன். செல்ல வேண்டிய பக்கம் முன்பே தெரிந்துவிட்டால் மையத்தைத் தொடாமலே அங்கு செல்வது முறை. கீழே காணும் ஆட்டத்தில் வென்ற அரசன் d4, d5, e4, e5 ஆகிய நான்கு மையக் கட்டங்களுள் ஒன்றிலும் கால் வைக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

சென்னை, 2013: ஆறாவது ஆட்டம்

விசுவநாதன் ஆனந்துக்கும் நோர்வேயின் மாக்னசு கார்ல்சனுக்கும் இடையிலான உலக வாகையாளர் போட்டி 2013 நவம்பர் 9 முதல் 22 வரை, அண்ணா சாலையில் தேனாம்பேட்டையில் உள்ள ஹயாத் ரீஜென்சி விடுதியில் நடைபெற்றது. மயிலாப்பூர், சாந்தோம் பகுதிகளிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவே. 12 ஆட்டங்களுக்குத் திட்டமிடப்பட்ட இப்போட்டி 10 ஆட்டங்களிலேயே கார்ல்சனுக்கு 6½–3½ என முடிந்தது. முதல் நான்கு ஆட்டங்கள் சமநிலையில் முடிய, ஐந்தாவதில் கார்ல்சன் வென்றார். நவம்பர் 16 அன்று நடந்த ஆறாவது ஆட்டத்தில் ஆனந்த் வெள்ளைக் காய்களுடன் ஆடினார். அவ்வாட்டத்தையும் கார்ல்சன் வென்று 4–2 என முன்னிலை பெற்றார்.

எசுப்பானியத் திறப்பில் தொடங்கிய அவ்வாட்டத்தில் அரசிகள் 40 ஆவது நகர்வில் மாற்றப்பட்டன. அதற்கு முந்தைய நகர்வுகளில் இரு அரசன்களும் என்ன செய்தன என்று பார்ப்பது பயனுடையது. வெள்ளை அரசன் h2, h1, மீண்டும் h2 என நடைபயின்றது. கறுப்பு அரசன் h7 சென்று g7 திரும்பியது. உலகின் தலைசிறந்த இருவர் பத்துக்கும் மேற்பட்ட நகர்வுகளின் போது தத்தம் அரசனைக் காலாட்களுக்குப் பின்னாலேயே வைத்திருந்தனர், ஏனெனில் அரசிகள் களத்தில் இருந்தன. ஆனந்த் 38 ஆவது நகர்வில் ஒரு காலாளை விட்டுக்கொடுத்துக் கோட்டை இறுதியாட்டத்திற்குள் நுழையும் வழியைத் தெரிவு செய்தார்.

40...Rxe7 என்னும் நகர்வுக்குப் பின் நிலை பின்வருமாறு இருந்தது. வெள்ளை: அரசன் h2, கோட்டை d4, காலாட்கள் b2, c3, g2, h3. கறுப்பு: அரசன் g7, கோட்டை e7, காலாட்கள் b5, c4, f7, g6, h6. கறுப்புக்கு ஒரு காலாள் கூடுதல். பலகையை எடுத்து இந்நிலையை அடுக்கி வைத்துக்கொண்டு மேலே படிப்பது நலம். எஞ்சிய ஆட்டம் முழுவதும் இதுவே:

```
41.Rd5 Rb7 42.Rd6 f6 43.h4 Kf7 44.h5 gxh5
45.Rd5 Kg6 46.Kg3 Rb6 47.Rc5 f5 48.Kh4 Re6
49.Rxb5 Re4+ 50.Kh3 Kg5 51.Rb8 h4 52.Rg8+ Kh5
53.Rf8 Rf4 54.Rc8 Rg4 55.Rf8 Rg3+ 56.Kh2 Kg5
57.Rg8+ Kf4 58.Rc8 Ke3 59.Rxc4 f4 60.Ra4 h3
61.gxh3 Rg6 62.c4 f3 63.Ra3+ Ke2 64.b4 f2
65.Ra2+ Kf3 66.Ra3+ Kf4 67.Ra8 Rg1 0-1
```

அரசிகள் நீங்கிய பின்னர் கறுப்பு செய்த 27 நகர்வுகளில் 10 நகர்வுகள் அரசனுடையவை. வெள்ளை அரசன் நான்கே முறை நகர்ந்தது. அந்நான்கில் இரண்டு முன்னோக்கியவை, இரண்டு துரத்தப்பட்டுப் பின்வாங்கியவை. ஆட்டத்தின் கதை இவ்வெண்களிலேயே பெரும்பாலும் அடங்கியுள்ளது.

வெள்ளை அரசனின் முயற்சி

ஆனந்த் 44.h5 என இரண்டாவது காலாளையும் கொடுத்தார். இதன் நோக்கம் கறுப்பின் அரசன் பக்கக் காலாட்களைச் சிதைப்பது. gxh5 என வெட்டிய பின் கறுப்புக்கு h5, h6 என ஒரே நிரலில் இரு காலாட்கள் நிற்கின்றன. இவற்றை ஒன்றையொன்று காக்குமாறு செய்ய முடியாது. வெள்ளை அரசன் g3 வழியாக h4 சென்று h5 காலாளின் எதிரே நின்று தடுத்தால், கறுப்பின் கூடுதல் காலாட்கள் பயனற்றவை ஆகிவிடும். இது நல்ல எண்ணமே. 48.Kh4 வரை அது நடந்தேறியும் விட்டது.

கறுப்பின் விடை 48...Re6. b5 காலாளைக் காத்துக்கொண்டிருந்த கோட்டை அதனைக் கைவிட்டுத் திறந்த நிரலுக்குச் செல்கிறது. வெள்ளை b5 காலாளை வெட்டுகிறது, உடனே 49...Re4+ என முற்றுகை வருகிறது. h4 கட்டத்தில் நின்ற வெள்ளை அரசனுக்கு நான்காம் வரிசையில் ஒதுங்க நிழல் ஏதும் இல்லை. அது h3 கட்டத்திற்குப் பின்வாங்க, அது விட்டுச்சென்ற வெளியில் கறுப்பு அரசன் 50...Kg5 என நுழைகிறது. வெள்ளை அரசன் முன்னேறியது தவறன்று. முன்னேறிய இடத்தில் நிலைத்து நிற்க இயலாமற் போனதே குறை. ஒரு கட்டத்தைப் பிடிப்பதும் அக்கட்டத்தில் தங்குவதும் வெவ்வேறு. முன்னேறும் முன் எதிராளியின் கோட்டை எவ்வரிசையிலிருந்து முற்றுகையிடும் என எண்ணிப் பார்த்தால் இவ்வேறுபாடு தெரிந்துவிடும்.

கறுப்பு அரசனின் வழி

g7 கட்டத்திலிருந்து e3 கட்டம் நேர்வழியில் 4 நகர்வுத் தொலைவே. கறுப்பு அரசன் அங்கு சென்று சேர 7 நகர்வுகள் எடுத்துக்கொண்டது: f7, g6, g5, h5, மீண்டும் g5, f4, e3. இச்சுற்றுவழிக்குக் காரணம் உண்டு. 45.Rd5 நகர்வுக்குப் பின் வெள்ளைக் கோட்டை ஐந்தாம் வரிசை முழுவதையும் கண்காணித்தது. அரசன் e6 வழியாக நேரே மையத்திற்குச் சென்றால் h5 காலாள் காவலின்றி விழுந்துவிடும். எனவே அரசன் முதலில் g6 சென்று h5, h6, f6 ஆகிய மூன்று காலாட்களையும் ஒருங்கே தாங்கியது. அரசன் காவல் வேலையை ஏற்றுக்கொண்டதால் கோட்டை விடுபட்டது. கோட்டை விடுபட்டதால் வெள்ளை அரசனைத் துரத்த முடிந்தது.

52.Rg8+ முற்றுகைக்கு அரசன் h5 என ஓரத்திற்கே சென்றதும் கவனிக்கத்தக்கது. அங்கு அது h4 காலாளைக் காத்தது. அடுத்து 53...Rf4 என்னும் நகர்வில் கறுப்புக் கோட்டை ஒரே கட்டத்தில் நின்று f5, h4, c4 ஆகிய மூன்று காலாட்களையும் காத்தது. இத்தகைய கட்டத்தைக் கண்டுபிடிப்பதே கோட்டை இறுதியாட்டத்தின் பாதி வேலை.

எனினும் காத்துக்கொண்டே இருந்தால் வெற்றி இல்லை. வெள்ளைக் கோட்டை c8 கட்டத்திற்கும் f8 கட்டத்திற்கும் மாறி மாறிச் சென்று c4, f5 காலாட்களைத் தாக்கிக்கொண்டிருக்கும். கோட்டையும் அரசனும் இரண்டையும் காக்கும் பணியிலேயே கட்டுண்டு கிடக்கும். இவ்விடத்தில் கார்ல்சன் 55...Rg3+ என முற்றுகையிட்டு, 56.Kh2 எனப் பின்வாங்கச் செய்து, கிடைத்த நேரத்தில் 56...Kg5 என அரசனை f5 காலாளுக்குக் காவலாக்கினார். g3 கட்டத்தில் நிற்கும் கோட்டையை h4 காலாள் காக்கிறது என்பதால் வெள்ளை அரசன் அதனை வெட்ட முடியாது. அடுத்து 57.Rg8+ Kf4. இப்போது 58.Rc8 என c4 காலாள் மீண்டும் தாக்கப்படுகிறது.

ஆட்டத்தின் முடிவான தீர்மானம் 58...Ke3. c4 காலாளைக் காப்பதை விட்டுவிட்டு அரசன் முன்னேறுகிறது. 59.Rxc4 f4. காலாட்களின் எண்ணிக்கை இப்போது மூன்றுக்கு மூன்று. 44 ஆவது நகர்வுக்குப் பின் இரண்டு காலாட்கள் கூடுதலாக வைத்திருந்த கறுப்பு இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டது. அதற்கு ஈடாகப் பெற்றது என்ன? e3 கட்டத்தில் ஓர் அரசன், அதன் பக்கத்தில் f4 காலாள், g நிரலில் ஒரு கோட்டை. மறுபுறம் வெள்ளை அரசன் h2 கட்டத்தில், தன் g2 காலாளுக்கும் எதிரியின் கோட்டைக்கும் நடுவே அடைபட்டுள்ளது.

கணிப்பொறி நோக்கில் இந்நிலையும் சமநிலையே. ஆயினும் மனிதர் ஆடும்போது இரு தரப்பின் சுமை ஒன்றன்று. கறுப்புக்குத் தோல்வி ஆபத்து குறைவு. வெள்ளையோ ஒவ்வொரு நகர்விலும் சரியான விடையைக் கண்டாக வேண்டும். இயங்கும் அரசனின் பயன் பல ஆட்டங்களில் இவ்வடிவிலேயே கிடைக்கிறது.

60 ஆவது நகர்வு

இப்போட்டியில் முதல் 40 நகர்வுகளுக்கு 2 மணி நேரமும், அடுத்த 20 நகர்வுகளுக்கு 1 மணி நேரமும் வழங்கப்பட்டன. 60 ஆவது நகர்வு இரண்டாவது நேரக் கட்டுப்பாட்டின் கடைசி நகர்வாகும். அந்நகர்வில் ஆனந்த் 60.Ra4 ஆடினார். கோட்டையை a நிரலில் நிறுத்திப் பக்கவாட்டிலிருந்து முற்றுகையிடுவது நோக்கம். ஆய்வாளர்கள் 60.b4 ஆடியிருந்தால் வெள்ளை சமநிலை பெற்றிருக்கும் எனக் காட்டினர். வேறுபாடு ஒரே ஒரு நகர்வு. கறுப்பின் f4 காலாள் முடிசூட 3 நகர்வுகள் வேண்டும். b2 கட்டத்திலுள்ள காலாளுக்கு முதலில் இரண்டு கட்டம் தாவினாலும் 5 நகர்வுகள் வேண்டும். அவ்வைந்தில் ஒன்றை உடனே செய்துவிட்டு, கோட்டையை c நிரலில் வைத்துத் தொலைவிலிருந்து முற்றுகையிட ஆயத்தமாக இருப்பதே வெள்ளையின் தேவை.

60...h3 என்னும் விடையைப் புரிந்துகொள்ள g3 கோட்டையை நோக்க வேண்டும். h4 காலாள் முன்னேறிவிட்டதால் அதன் காவல் நீங்கியது. ஆனால் f4 காலாள் இப்போது கோட்டையைக் காக்கிறது. எனவே 61.Kxg3 இயலாது. 61.gxh3 என வெட்டியதும் g நிரல் முழுவதும் திறந்துவிடுகிறது. அடுத்த நகர்வு 61...Rg6. கோட்டை g3 கட்டத்திலேயே இருந்தால் f4 காலாள் முன்னேறியவுடன் கோட்டை காவலிழந்து வெட்டப்படும். ஆகவே அது நகர்ந்தே ஆகவேண்டும். ஆனால் g நிரலை விட்டு நீங்கக் கூடாது. g6 கட்டத்தில் நின்றால் h6 காலாளையும் காக்கலாம்.

ஒரு காலாளை இலவசமாகக் கொடுத்துக் கறுப்பு பெற்றது இதுவே: வெள்ளை அரசன் h நிரலை விட்டு வெளியேற முடியாது. f1 கட்டத்தில் நின்று காலாளைத் தடுக்க வேண்டிய அரசன் இரண்டே கட்டத் தொலைவில் நின்று வேடிக்கை பார்க்கிறது. ஒரு தரப்பின் அரசன் முழு ஆற்றலுடன் போரிட, மறு தரப்பின் அரசன் சிறையில் இருக்கிறது. இந்நிலையில் காலாட்களை எண்ணுவது பொருளற்றது.

முடிவுப் பகுதியில் ஒரு நுட்பம் உண்டு. 62.c4, 64.b4 ஆகிய இரு நகர்வுகளாலும் வெள்ளையின் காலாட்கள் நான்காம் வரிசையில் அருகருகே நின்றன. 65.Ra2+ முற்றுகைக்கு 65...Kf3, 66.Ra3+ முற்றுகைக்கு 66...Kf4. இப்போது a4 கட்டத்திலிருந்து முற்றுகையிட முடியாது. வெள்ளையின் சொந்தக் காலாட்களே வழியை மறைக்கின்றன. முன்னர்க் கூறிய "எதிரியின் காலாள் குடை" என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்டு கிடைப்பது அரிது. கறுப்பு அரசன் முற்றுகைகளிலிருந்து தப்பியது தன் காலாட்களுக்குப் பின்னால் ஒளிந்தன்று.

67.Ra8 நகர்வின் நோக்கம் Rf8+ என முற்றுகையிட்டு f2 காலாளை வெட்டுவது. 67...Rg1 அதனை முடித்து வைக்கிறது. g1 கட்டத்தை f2 காலாள் காப்பதால் வெள்ளை அரசன் கோட்டையை வெட்ட முடியாது. 68.Rf8+ Ke3 69.Re8+ Kd3 70.Rd8+ Kxc4 71.Rc8+ Kxb4 72.Rb8+ Ka5 73.Ra8+ Kb6 74.Rb8+ Kc7 எனத் தொடர்ந்திருந்தால், அரசன் வழியிலிருந்த இரு காலாட்களையும் வெட்டிக்கொண்டு கோட்டையையே நெருங்கித் தாக்கியிருக்கும். முற்றுகைகள் தீர்ந்துபோகும், f2 காலாள் அரசியாகும். ஆனந்த் இத்துடன் தோல்வியை ஏற்றார்.

முன்னோடி: நியூயார்க், 1924

காலாட்களைக் கொடுத்து அரசனை முன்னே அனுப்பும் இம்முறைக்கு நூல்களில் பெரிதும் எடுத்துக்காட்டப்படும் ஆட்டம், 1924 இல் நியூயார்க்கில் கபபிளாங்கா தார்த்தகோவரை வென்றது. அதுவும் கோட்டை இறுதியாட்டமே. ஏழாம் வரிசையில் h7 கட்டத்தில் வெள்ளைக் கோட்டை நின்றிருந்தது. கபபிளாங்கா 35.Kg3 என அரசனை அனுப்பினார், 35...Rxc3+ 36.Kh4 Rf3 37.g6 Rxf4+ 38.Kg5 Re4 39.Kf6. இரண்டு காலாட்கள், இரண்டுமே முற்றுகையுடன் வெட்டப்பட்டன. அரசன் அசையாமல் முன்னேறியது. f6 கட்டத்தை அடைந்த பின் அருகிலிருந்த f5 காலாளை உடனே வெட்டவும் இல்லை. அக்காலாள் அரசனுக்குப் பின்புறம் நின்று f நிரலில் வரக்கூடிய முற்றுகைகளைத் தடுத்தது. சென்னை ஆட்டத்திற்கும் இதற்கும் 89 ஆண்டு இடைவெளி. கணக்கு ஒன்றே: அரசன், கோட்டை, முன்னேறிய காலாள் ஆகிய மூன்றும் எதிரி அரசனைச் சுற்றி ஒன்று சேருமாயின், பலகையின் மறுபக்கத்தில் இழந்த காலாட்கள் உரிய நேரத்தில் பயன்தரா.

இரு ஆட்டங்களிடையே ஒரு வேறுபாடும் உண்டு. கபபிளாங்காவின் கோட்டை எதிரி அரசனைக் கடைசி வரிசையில் அடைத்து வைத்திருந்தது. எனவே அவரது கணிப்பு முழுமையானதாக இருக்க முடிந்தது. கார்ல்சன் சரியான விடை இருக்கக்கூடிய நிலையிலேயே தன் காலாட்களைக் கொடுத்தார். முதலாவதைப் பயிற்சிக்கும், இரண்டாவதைப் போட்டிக்கும் உரியதாகக் கொள்ளலாம்.

மையம் பொருந்தாத இடங்கள்

எதிராளியிடம் ஓரத்தில் தடையற்ற காலாள் இருப்பின் அரசன் எவ்வளவு தொலைவு செல்லலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அது காலாளின் சதுரம் எனப்படும். காலாள் நிற்கும் கட்டத்திலிருந்து அது முடிசூடும் கட்டம் வரை ஒரு பக்கமாகக் கொண்டு பலகையின் உட்புறமாக ஒரு சதுரத்தை மனத்தில் வரைய வேண்டும். கறுப்புக் காலாள் h5 கட்டத்தில் நின்றால் அச்சதுரத்தின் மூலைகள் h5, h1, d1, d5. கறுப்பின் முறை வரும்போது வெள்ளை அரசன் இச்சதுரத்தினுள் இருந்தால் காலாளைப் பிடித்துவிடலாம். அரசன் d4 கட்டத்தில் இருந்தால் h4 Ke3 h3 Kf2 h2 Kg2 எனப் பிடிபடும். ஒரே கட்டம் தள்ளி c4 கட்டத்தில் இருந்தால் h4 Kd3 h3 Ke2 h2 Kf2 h1 எனக் காலாள் அரசியாகிவிடும். காலாட்கள் மட்டுமே எஞ்சியுள்ள இறுதியாட்டங்களில் அரசி பக்கக் காலாட்களை வெட்டச் செல்லும் அரசன் d நிரலைத் தாண்டுவதற்கு முன் இக்கணக்கைப் பார்த்தாக வேண்டும். கோட்டைகள் உள்ள போது இவ்விதி நேரடியாகப் பொருந்தாது, ஏனெனில் காலாளைத் தடுக்கும் பொறுப்பைக் கோட்டை ஏற்றுக்கொள்ளலாம்.

கோட்டை இறுதியாட்டத்தில் ஒரு காலாள் குறைவாக இருந்து தற்காக்கும் தரப்புக்கும் மையம் இரண்டாம் நிலையே. எதிராளியின் தடையற்ற காலாளுக்கு முன்னே நிற்பதே அவ்வரசனின் முதற்கடன். சென்னை ஆட்டத்தில் வெள்ளை அரசன் f1 கட்டத்தை அடைந்திருந்தால், e3 கட்டத்தில் நின்ற கறுப்பு அரசனால் காலாளை எளிதில் முன்னேற்றியிருக்க முடியாது. 46 ஆவது நகர்வில் Kg3 என வெளிவந்த அரசன் h நிரல் நோக்கிச் சென்றதா, f நிரல் நோக்கித் திரும்பியதா என்பதில்தான் அடுத்த இருபது நகர்வுகளின் போக்கு அமைந்தது. h4 கட்டம் எதிரியின் காலாளுக்கு ஒரு கட்டம் அருகில் இருந்தது. காலாள் முடிசூடும் கட்டத்திற்கோ வெகு தொலைவு.